மூன்றாவது தட்டு வேண்டாம்: சீன மொழியில் எப்படி எழுதுவது?

என் அக்கா மகன் சீனாவில் ஷாண்டாங் மாகாணத்தின் தலைநகரான ஜினானில் மருத்துவம் படிக்கிறான். சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு, கூடப் படிக்கும் பையனின் வீட்டில் அவனுக்கு விருந்து. எட்டு மணி வாக்கில் எனக்கு விசாட்டில் ஒரு செய்தி வந்தது. நான் இருப்பது சிங்கப்பூர். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்தான்.

"மாமா, ரெண்டு தட்டு ஜியாவ்ஸ சாப்பிட்டாச்சு. மூணாவது தட்டு அடுப்பில வேகுது. வாயால சொன்னா அவன் அம்மா சிரிச்சுக்கிட்டே வைக்கிறாங்க. போன்ல எழுதிக் காட்டப் போறேன். இது சரியா?"

ஜியாவ்ஸ என்பது மாவுத் தாளில் பூரணம் வைத்து மடித்து, கொதிக்கும் நீரில் வேகவைப்பது. உப்புக் கொழுக்கட்டையின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு 15 வைத்தாலும் பையன் 30 உள்ளே தள்ளியிருக்கிறான். மறுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவன் எழுதியிருந்தது இது:

```
够了，谢谢。
```

'கோவ் லெ, ஷியே ஷியெ.' அதாவது 'போதும், நன்றி.' தமிழில் யோசித்து அப்படியே சீனத்தில் இறக்கியிருக்கிறான். பந்தியில் நாம் சொல்வது 'போதும்'தான், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சீனர்களும் மேசையில் இதைச் சொல்வதுண்டு. ஆனால் அப்போது 'கோவ் லெ கோவ் லெ' என்று இரண்டு மூன்று முறை அடுக்கிச் சொல்வார்கள், கை கிண்ணத்தை மூடும், முகம் சிரிக்கும். அந்தக் கையும் சிரிப்பும் இல்லாமல், ஒரே ஒரு முறை, எழுத்தில், முற்றுப்புள்ளியோடு வந்தால் 'போதும், நிறுத்து' என்ற தொனி வந்துவிடுகிறது. சண்டையில் குரலை உயர்த்திச் சொல்கிற 'போதும்!' என்பதும் இதே இரண்டு எழுத்துதான். அதை அழித்துவிடச் சொன்னேன்.

"அப்ப 'பூ யாவ் லெ'ன்னு போடட்டுமா?" என்றான். `不要了`, 'வேண்டாம்.' சந்தையில் கையைப் பிடித்து இழுக்கும் கடைக்காரரிடம் சொல்ல நல்ல வாக்கியம். அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் இல்லை.

அடுத்தது, எல்லாப் பாடப்புத்தகங்களிலும் உள்ள விடை:

```
谢谢阿姨，我吃饱了。
```

'நன்றி ஆயீ, எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.' நண்பனின் அம்மாவை 'ஆயீ' என்றுதான் கூப்பிட வேண்டும். நம் பக்கம் சில ஊர்களில் பெற்றவளையே ஆயி என்பார்கள். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது, ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை: உங்களைவிட ஐந்தாறு வயதே மூத்தவரை ஆயீ என்றால் முகம் சுருங்கும். அவருக்கு 'ஜியே', அக்கா.

இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, மரியாதைப் பிழையும் இல்லை. இரண்டு சிக்கல்கள் மட்டும் உண்டு. ஒன்று உச்சரிப்பு. வயிறு நிறைவதைச் சொல்லும் 'பாவ்' மூன்றாம் தொனியில், குரல் தாழ்ந்து வர வேண்டும். நம் ஆட்கள் அதைச் சமமாக, உயரத்தில் இழுத்துவிடுவார்கள். அப்போது அது பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் பன்னின் பெயராகிவிடும். சாப்பாட்டு மேசையில் 'பாவ்' என்று காதில் விழுந்தால் அந்த அம்மா என்ன எடுத்து வருவார் என்று யோசித்துப் பாருங்கள். எழுதிக் காட்டினால் இந்தத் தொல்லை இல்லை. பையன் போனை எடுத்தது ஒரு வகையில் சமர்த்துதான்.

இரண்டாவது சிக்கலை எழுத்தாலும் தீர்க்க முடியாது. 'வயிறு நிறைந்துவிட்டது' என்பதை அந்த அம்மா வாழ்நாளில் ஆயிரம் விருந்தாளிகளிடம் கேட்டிருப்பார். அதில் பாதிப் பேர் பசியோடு சொன்னவர்கள். சீனத்தில் இதற்கு 'க்கெச்சி' என்று பெயர்: விருந்தாளி கூச்சத்துக்காக மறுப்பது. முதல் மறுப்பு மறுப்பாகவே எண்ணப்படுவதில்லை. 'பியே க்கெச்சி', கூச்சப்படாதே என்று சொல்லி இன்னும் நாலு வைப்பார்கள். ஷாண்டாங்கில் இந்த உபசரிப்பு கொஞ்சம் கூடுதல் என்று சீனர்களே சொல்வார்கள். பையன் வாயால் சொல்லியும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே வைத்தது இதனால்தான். அதே வாக்கியத்தை எழுத்தில் காட்டினாலும் அதே சிரிப்புதான் வரும்.

மூன்றாவது ஒன்று உண்டு, கடிதம் எழுதக் கற்றவர்களின் வழி:

```
感谢您的盛情款待，我已酒足饭饱。
```

'தங்கள் அன்பான உபசரிப்புக்கு நன்றி. உண்டும் பருகியும் நிறைந்தேன்' என்கிற மாதிரி. நிறுவனங்களுக்கிடையே விருந்து முடிந்த மறுநாள் அனுப்ப முதல் பாதி பொருந்தும். இரண்டாம் பாதியில் மது எழுத்திலேயே வருகிறது. 20 வயசுப் பையன், அதுவும் நண்பனின் அம்மாவிடம்! சமையலறை வாசலில் நின்று மேடைப்பேச்சு பேசுவதுபோல் இருக்கும்.

என் கட்சி நான்காவது. அதன் உயிர் மூன்று எழுத்தில் இருக்கிறது: `吃不下`, 'ச்சிர் பூ ஷியா.' முதல் எழுத்து சாப்பிடுவது, நடுவில் உள்ளது 'இல்லை', கடைசி எழுத்துக்குக் 'கீழே' என்று பொருள். சாப்பிட்டால் கீழே இறங்காது. நாம் 'இனி ஒரு பருக்கை இறங்காது' என்கிறோமே, அதேதான். வேண்டாம் என்பது என் விருப்பம். விருப்பத்தை வற்புறுத்தி மாற்றலாம். இறங்காது என்பது வயிற்றின் நிலைமை. அதோடு வாதாட முடியாது, சமைத்தவர்மேல் குறையும் வராது.

ஆனால் இந்தக் குடும்பத்தில் சகோதரர்கள் பல பேர், முகம் ஒரே மாதிரி. கடைசி எழுத்தை மாற்றிப் பாருங்கள். `吃不惯` என்றால் 'இந்தச் சாப்பாடு எனக்குப் பழக்கமில்லை'. சமைத்த கையைச் சுடும் சொல். `吃不起` என்றால் 'வாங்கிச் சாப்பிட எனக்கு வசதியில்லை.' போனில் தட்டும்போது வரும் ஆபத்து இன்னொன்று. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித்தான் சீன எழுத்தை வரவழைக்கிறோம். `chibuxia` என்று தட்டினால் நமக்கு வேண்டியது வரும். விரல் தவறிக் கடைசியில் ஒரு `o` சேர்ந்து `chibuxiao` ஆனால் `吃不消` வந்து நிற்கும். அதன் பொருள் 'தாங்க முடியவில்லை'. வெயிலைப் பற்றி, வேலைச்சுமையைப் பற்றிச் சொல்வது. 'ஆயீ, உங்கள் ஜியாவ்ஸ உண்மையிலேயே தாங்க முடியவில்லை' என்று காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பான் பிள்ளை. ஆகவே காட்டுவதற்கு முன் மூன்றாவது எழுத்தைப் பார்: மேலே ஒரு கோடு, அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. அதுதான் சரியானது என்று அவனுக்கு எழுதினேன்.

கடைசியில் `了` என்ற 'லெ' வர வேண்டும். அது இருந்தால் 'இதுவரை இறங்கியது, இனி இறங்காது.' அதை விட்டுவிட்டால் 'சாப்பாடு இறங்கவில்லை' என்று ஆகிவிடலாம்; மனக்கவலையிலும் காய்ச்சலிலும் இருப்பவர்கள் சொல்வது. பண்டிகை நாளில் அந்த அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்துவிடுவார்.

இதையும் தனியாக விட்டால் க்கெச்சி என்றே நினைப்பார்கள். சாட்சி வேண்டும், அந்தச் சாட்சி எண்ணிக்கை. 'ஏற்கெனவே இரண்டு தட்டு சாப்பிட்டேன்' என்பது வெறும் பாராட்டைவிட அந்த அம்மாவுக்கு இனிக்கும், கூச்சப்படாமல் சாப்பிட்டதற்கும் அதுவே அத்தாட்சி. கிண்ணத்தில் சாப்பிட்டிருந்தால் 'லியாங் வான்', தட்டு என்றால் 'லியாங் பான்'. எண்ணும் சொல் மாறினால் யாரும் கோபிக்க மாட்டார்கள், ஆனால் கண் முன்னால் தட்டு இருக்கும்போது கிண்ணம் என்று எழுதுவானேன்?

சிலர் இங்கே 'வீணாகிவிடும் என்று பயம்' என்ற காரணத்தைச் சேர்ப்பார்கள். 2021இல் உணவு விரயத்துக்கு எதிராகச் சட்டமே வந்த நாடு என்பதால் அது புத்திசாலித்தனமாகத் தோன்றும். உணவகத்தில் சொன்னால் பொருந்தும். வீட்டில் சொன்னால் 'நீங்கள் அளவுக்கு மீறிச் செய்துவிட்டீர்கள்' என்பதுபோல் கேட்கும். வேண்டாம்.

மேசையிலிருந்து முதலில் எழுந்திருப்பவர்கள் சொல்லும் 'நான் சாப்பிட்டாயிற்று, நீங்கள் மெதுவாகச் சாப்பிடுங்கள்' (`我吃好了，你们慢慢吃`) என்ற வழக்கமும் உண்டு. நல்ல வழக்கம்தான். இங்கே அதில் ஒரு இடைஞ்சல்: அந்த அம்மா இன்னும் உட்காரவே இல்லை. இவ்வளவு நேரமும் அடுப்படியில் நிற்பவரிடம் மெதுவாகச் சாப்பிடுங்கள் என்றால் எப்படி? அதனால் 'வேலையை விடுங்கள், சீக்கிரம் உட்கார்ந்து சாப்பிடுங்கள்' என்று எழுதச் சொன்னேன். மறுப்பிலிருந்து பேச்சு அவருடைய பசிக்குத் திரும்பிவிடும்.

அப்புறம் வடசீனத்தில் மட்டும் செல்லும் ஒரு உபாயம். ஜியாவ்ஸ வெந்த தண்ணீரை அங்கே கொட்டுவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் சூடாகக் குடிப்பார்கள். 'வெந்த நீரே வெந்ததைச் செரிக்கும்' (`原汤化原食`) என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. செரிக்கிறதோ இல்லையோ, அதைக் கேட்பவனுக்குச் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். கொடுக்கத் துடிக்கும் கைக்குக் கொடுக்க ஒன்று கிடைத்துவிடும். ஆக, கடைசியில் அனுப்பியது இது:

```
阿姨，饺子太好吃了！
我已经吃了两盘，实在吃不下了。
您别忙了，快坐下吃吧。
我喝碗饺子汤就行，谢谢阿姨！
```

'ஆயீ, ஜியாவ்ஸ அருமை! ஏற்கெனவே இரண்டு தட்டு சாப்பிட்டேன், நிஜமாகவே இனி இறங்காது. நீங்கள் வேலையை விட்டுவிட்டுச் சீக்கிரம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் ஒரு கிண்ணம் வெந்த நீர் குடித்தால் போதும், நன்றி ஆயீ!' 'நீங்கள்' என்ற இடத்தில் மரியாதை வடிவமான `您` இருக்கிறது. தெற்கே பேச்சில் அது அவ்வளவாகப் புழங்காது; ஜினானில், பெரியவருக்கு, அதுவும் எழுத்தில் என்றால் விடக் கூடாது.

நான்கு வரி கொஞ்சம் நீளம்தான். அவசரமென்றால் இரண்டாவது வரியும் கடைசி 'ஷியே ஷியே ஆயீ'யும் போதும். இன்னொன்றும் சொன்னேன்: தட்டில் ஒன்றிரண்டை விட்டு வை, குச்சிகளைக் கிடையாகக் கீழே வை. காலித் தட்டுக்கு எதிராக எந்த வாக்கியமும் செல்லாது.

கால் மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. அந்த அம்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பையன் முன்னால் ஆவி பறக்கும் கிண்ணம், வெந்த நீர். உற்றுப் பார்த்தால் அடியில் ஆறு ஜியாவ்ஸ கிடக்கின்றன.