வீட்டு ரவுட்டரில் ஐபிவி6: அணைத்து வைப்பதா, இயக்குவதா?

உங்கள் ஃபைபர் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் WAN IP என்ற வரியைப் பாருங்கள். அங்குள்ள எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணையத்தில் உங்கள் வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தந்திருக்கிறது. இதற்கு சிஜிநேட் என்று பெயர். இணைய முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6 ரவுட்டரில் தேவையா என்ற கேள்விக்கு விடை தேட இந்த ஒரு வரியிலிருந்து தொடங்குவதுதான் சரி.

பழைய ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம் கொண்டது. மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதன்பின் வந்த வாடிக்கையாளர்களை நிறுவனங்கள் பங்கீட்டில்தான் சமாளிக்கின்றன. ஐபிவி6 முகவரி 128 பிட். இதில் வீட்டுக்கு ஒரு முகவரி என்ற கணக்கே இல்லை. முகவரித் தொகுதி ஒன்றையே தருகிறார்கள். அதை ப்ரிஃபிக்ஸ் என்பார்கள். மிகச் சிறிய தொகுதியான /64 கிடைத்தால்கூட, உங்கள் போன், டிவி, லேப்டாப் ஒவ்வொன்றும் இணையத்தில் நேரடியாகத் தெரியும் சொந்த முகவரியைப் பெற்றுவிடும். பார்வைக்கு இப்படி இருக்கும்:

```
2001:db8:4a:1c00:91f3:22ab:7e0:5d14
```

முதல் பாதி வீட்டின் ப்ரிஃபிக்ஸ். பின்பாதியைக் கருவியே உருவாக்கிக்கொள்கிறது; இன்றைய போன்களும் கணினிகளும் வெளியே பேசும்போது அதை அவ்வப்போது மாற்றிக்கொள்ளவும் செய்கின்றன.

ஐபிவி6-ஐ இயக்கினால் ஐபிவி4 போய்விடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். போகாது. இரண்டும் சேர்ந்தே ஓடும். ஆகவே நாம் ஒப்பிட வேண்டியது, ஐபிவி4 மட்டும் வைத்திருப்பதையும் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதையும்தான்.

வேகத்தில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பு 100 எம்பிபிஎஸ்தான். வித்தியாசம் வேறு இடத்தில் தெரியும். பங்கிட்ட முகவரியில் இன்னொரு வீட்டுக் கணினி ஸ்பாம் அனுப்பினால், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்ற கட்டம் உங்களுக்கும் வரும். ஐபிவி6 வழியாகப் போகும் தளங்களில் அந்தத் தொல்லை குறையும்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டியபோதுதான் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் முழுதாகத் தெரிகிறது. மதுரையில் ஒரு வீட்டில் சிசிடிவி டிவிஆரை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை டிவிஆருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் ரவுட்டரில் சரியாகப் போட்டாகிவிட்டது. WAN IP 100.72-ல் தொடங்குகிறது. வெளியிலிருந்து வரும் கோரிக்கை சேவை நிறுவனத்தின் சிஜிநேட் பெட்டியிலேயே நின்றுவிடும். அது எந்த வீட்டுக்கானது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ரவுட்டரில் நீங்கள் என்ன மாற்றினாலும் பயனில்லை. மாதக் கட்டணம் கட்டி, மாறாத தனி முகவரியான ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும், அல்லது டிவிஆர் தயாரிப்பாளரின் கிளவுட் வழியாகப் பார்க்க வேண்டும்.

அதே வீட்டில் ஐபிவி6 இருந்தால் கோரிக்கை நேராக ரவுட்டர் வரை வந்து சேரும். பார்ப்பவரின் போனிலும் ஐபிவி6 வேண்டும். நம் ஊரில் அது பெரிய தடை இல்லை, ஜியோ 2016-ல் தொடங்கியபோதே தன் 4ஜி சேவையில் ஐபிவி6-ஐக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் டிவிஆரின் போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். பல டிவிஆர்களின் மென்பொருள் வருடக்கணக்கில் அப்டேட் ஆவதில்லை. ரவுட்டரில் வயர்கார்டு விபிஎன் வசதி இருந்தால் அதன் ஒரு யுடிபி போர்ட்டை மட்டும் திறந்து, விபிஎன் வழியாக உள்ளே போய் டிவிஆரைப் பார்ப்பதே பாதுகாப்பு. ப்ரிஃபிக்ஸ் அடிக்கடி மாறும் இணைப்பென்றால், மாறும் முகவரியை ஒரே பெயரில் கண்டுபிடிக்க உதவும் டைனமிக் டிஎன்எஸ் ஒன்றும் தேவைப்படும்.

பாதுகாப்பு என்றதும் எழும் வாதம் ஒன்று உண்டு: ‘நேட் இருப்பதால்தான் வெளியாள் உள்ளே வர முடியவில்லை, ஐபிவி6-ல் எல்லாக் கருவியும் வெட்டவெளியில் நிற்கும்.’ இதில் பாதி உண்மை. வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே ஐபிவி4 முகவரியில் வெளியே போக ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்தான் நேட். அது முகவரியைப் பங்கிடுவதற்கு வந்தது. உள்ளே கேட்காத தரவுப் பாக்கெட்டை அது தடுப்பது பக்கவிளைவு. ஐபிவி6-ல் அந்த வேலையை ரவுட்டரின் ஃபயர்வால் வெளிப்படையாகச் செய்கிறது: உள்ளிருந்து தொடங்கிய தொடர்புக்கான பதிலை மட்டும் விடும், மற்றதைத் தடுக்கும். நல்ல ரவுட்டர்களில் இது முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். ஃபைபர் வந்து சேரும் சில மலிவான ஓஎன்டி பெட்டிகளில் IPv6 Firewall அணைந்தே கிடக்கிறது. அப்படியானால் அந்த வாதம் முழு உண்மையாகிவிடும்.

இதைச் சோதிப்பது எளிது. வீட்டு பிரிண்டர் அல்லது டிவிஆரின் ஐபிவி6 முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 2 அல்லது 3-ல் தொடங்குவதாக இருக்க வேண்டும், fe80 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லும். பிறகு போனில் வைஃபையை அணைத்து, ஐபிவி6 உள்ள மொபைல் டேட்டாவில், முகவரியை அடைப்புக்குறிக்குள் இட்டு பிரவுசரில் தட்டுங்கள்:

```
http://[2001:db8:4a:1c00::25]/
```

வீட்டு வைஃபையில் திறக்கும் லாகின் பக்கம் மொபைல் டேட்டாவிலும் திறந்தால் ஃபயர்வால் வேலை செய்யவில்லை. அந்த ரவுட்டரில் அதை இயக்க வழியும் இல்லையென்றால் ஐபிவி6 வேண்டாம். ரவுட்டரை மாற்றும்வரை அணைத்தே வையுங்கள். ஃபயர்வாலை இயக்கும்போது ICMPv6-ஐ முழுவதும் தடுத்துவிடவும் கூடாது. பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் செய்தி அதில்தான் வருகிறது. ஐபிவி6-ல் வழியிலுள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதில்லை என்பதால், அந்தச் செய்தி வராவிட்டால் சிறு பக்கங்கள் திறக்கும், பெரிய தரவு பாதியில் நின்றுவிடும். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில், ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியு 1500 பைட்டுக்குப் பதில் 1492 என்பதால் இந்தக் கோளாறு அங்கே அதிகம் தலைகாட்டும். ரவுட்டரில் எம்டியு 1492 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிள்ளைகளுக்காக, வேண்டாத தளங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி. ஐபிவி4-க்கு மட்டும் வடிகட்டி முகவரியைக் கொடுத்திருந்தால், ஐபிவி6 வந்தபின் கருவிகள் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸை ஐபிவி6 வழியே பிடித்துக்கொள்ளும். வடிகட்டி இருந்தும் எல்லாத் தளமும் திறக்கும். வடிகட்டியின் ஐபிவி6 முகவரியையும் ரவுட்டரில் இட வேண்டும்.

என் முடிவு: சேவை நிறுவனம் ஐபிவி6 தருகிறது, ஃபயர்வால் சோதனையிலும் ரவுட்டர் தேறுகிறது என்றால் இயக்குங்கள். சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. சேவை நிறுவனத்திடமிருந்து ப்ரிஃபிக்ஸைப் பெற்றுத் தரும் ப்ரிஃபிக்ஸ் டெலிகேஷன் அமைப்பில் இயங்க வேண்டும். ஐபிவி6-ஐ ஐபிவி4-க்குள் பொதிந்து அனுப்பும் 6to4 போன்ற டனல் வகை மட்டுமே இருந்தால் தொடவே வேண்டாம், அதன் பொது வழிகளை 2015-லேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள். இயக்கிய பின் test-ipv6.com தளத்தில் பாருங்கள். 10/10 வர வேண்டும்.

சில நாள் கவனியுங்கள். கரண்ட் போய் வந்தபின் மட்டும் தளங்கள் இழுத்தடித்து, வைஃபையை அணைத்துப் போட்டதும் சரியாகிறதென்றால், ப்ரிஃபிக்ஸ் மாறியும் கருவிகள் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதன்பிறகும் தொடர்ந்தால் சேவை நிறுவனத்திடம் நிலையான ப்ரிஃபிக்ஸ் கேளுங்கள். ஸ்டாட்டிக் ஐபிவி4 அளவுக்கு அது அவர்களுக்கு அரிதான பொருள் அல்ல.