பாட்டி திருநெல்வேலியில், பேரன் டொராண்டோவில்: வீடியோ காலில் எந்தக் கதைக்குச் சிரிப்பு வரும்?

கடி ஜோக், கொழுக்கட்டைக் கதை, வாய்ஸ் மெசேஜ். மூன்றில் எது தேறும் என்று கேட்டால் என் ஓட்டு கொழுக்கட்டைக்குத்தான்.

கடி ஜோக்கின் உயிரே கடைசி வரியில் இருக்கிறது, வீடியோ கால் சொதப்புவதும் அங்கேதான். குரல் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும், பேரனின் சிரிப்பு திரும்பி வர இன்னும் கொஞ்சம். போதாததற்கு, இரண்டு பக்கமும் ஸ்பீக்கரில் பேசினால் எதிரொலியைத் தடுக்கும் வசதி ஒரே நேரத்தில் வரும் இரண்டு குரல்களில் ஒன்றை அமுக்கிவிடும். பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது பேரன் சிரித்தால் அந்தச் சிரிப்பே அவர் காதில் விழாது. உடனே "புரிஞ்சுதாடா?" என்று ஜோக்கை விளக்க ஆரம்பிப்பார், அதோடு அது செத்தது. பேரன் ஒயர் உள்ள இயர்போன் போட்டுக்கொண்டால் அவன் சிரிப்பு வெட்டுப்படுவது பெரும்பாலும் நிற்கும், ஆனால் தாமதம் அப்படியேதான் இருக்கும்.

கொழுக்கட்டைக் கதைக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. மாமியார் வீட்டில் சாப்பிட்ட பலகாரத்தின் பெயர் மறக்காமலிருக்க ஒருவன் "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான், வழியில் ஒரு வாய்க்கால், "அத்திரிபாச்சா" என்று தாண்டுகிறான், அப்புறம் வீடு வரை அத்திரிபாச்சாதான். இதில் பாட்டி "அவன் என்ன சொல்லிட்டே போனான்?" என்று கேட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேரன் கத்துவான், ஒரு நொடி கழித்து வந்தாலும் குறையில்லை, முறை அவனுடையது. சேர்ந்து சொல்லலாம் என்று மட்டும் இறங்காதீர்கள், இரண்டு குரலும் முன்பின்னாக வந்து குழறும். தாண்டும் இடத்தில் பாட்டி போனைக் கையில் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினால் படமும் சேர்ந்து துள்ளும், பிள்ளைகளுக்கு அது போதும். முடிவில் மனைவியை அடிப்பதாக வருவதை விட்டுவிட்டு, அவனே நிலைப்படியில் முட்டிக்கொண்டு நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கியதாக மாற்றிக்கொள்ளலாம், கதை கெடாது.

வாய்ஸ் மெசேஜில் தாமதம், வெட்டு எதுவும் கிடையாது. கோடையில் டொராண்டோ ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை, அதனால் பள்ளி நாளில் இதுதான் கைகொடுக்கும். ஆனால் பேரன் தனியாகத்தான் சிரிப்பான், எந்த இடத்தில் சிரித்தான் என்பது பாட்டிக்குத் தெரியாது. பதிலுக்கு அவன் சிரிப்பையும் பதிவு செய்து அனுப்பலாம்தான், கேட்டதும் அனுப்புகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பத்து வயதைத் தாண்டியவர்களிடம் கொழுக்கட்டை எடுபடாது. அவர்களுக்கு விடுகதை. "ஓடுவான் சாடுவான், ஒற்றைக்காலில் நிற்பான்" என்று பேரன் போடட்டும், பாட்டிக்குக் கதவு என்று தெரிந்திருந்தாலும் முதலில் கொக்கு என்று சொல்லட்டும். யோசிக்கிற நேரத்துக்குள் தாமதம் மறைந்துவிடும்.