நாலு சர்வர் ஐந்தானால்: மீதிக் கணக்கா, வளையமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பண்டல் கணக்கு மென்பொருள் பார்த்துக்கொள்கிறேன். கட்டிங் முடிந்ததும் ஒவ்வொரு பண்டலுக்கும் ஓர் எண் விழும். அது தையலில் நிற்கிறதா, செக்கிங்குக்குப் போய்விட்டதா என்ற விவரம், டேட்டாபேஸைத் தொடாமல் வேகமாக எடுத்துத் தருகிற நாலு கேஷ் சர்வர்களில் பிரிந்து கிடந்தது. பண்டல் எண்ணை நாலால் வகுத்தால் வரும் மீதிதான் சர்வர் எண். 1207 என்றால் மீதி 3.

சீசனில் ஐந்தாவது சர்வரைச் சேர்த்தோம். இப்போது 1207-க்கு மீதி 2. விவரம் ஓரிடத்தில் இருக்க, தேடல் வேறிடத்துக்குப் போனது. 0 முதல் 19 வரை எழுதிப் பாருங்கள்: நாலால் வகுத்தாலும் ஐந்தால் வகுத்தாலும் ஒரே மீதி தருவது 0, 1, 2, 3 மட்டும்தான். இருபதில் பதினாறு, அதாவது 80 சதவீதம் இடம் மாறுகிறது. கேஷில் கிடைக்காத அத்தனையும் டேட்டாபேஸ் தலையில் விழுந்தது. ஸ்கேனர் பிடித்தவர்கள் திரையைப் பார்த்தபடி நின்றதை நான் மறக்கவில்லை.

1997-ல் டேவிட் கார்கரும் அவருடைய குழுவினரும் எழுதிய கன்சிஸ்டன்ட் ஹேஷிங்கில் வகுத்தலே இல்லை. ஒரு பெயரையோ எண்ணையோ சூத்திரத்தில் போட்டுச் சிதறலான வேறோர் எண்ணாக மாற்றுவதுதான் ஹேஷ். அந்த ஹேஷ் எண்களை ஒரு வளையமாக நினைத்துக்கொள்ளுங்கள். சர்வர் பெயரையும் ஹேஷ் செய்து வளையத்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். பண்டல் எண்ணின் ஹேஷ் விழுந்த இடத்திலிருந்து வலச்சுற்றாகப் போனால் முதலில் எதிர்ப்படும் சர்வரே அதற்கு உரியது. புது சர்வர் வந்தால் அதற்கும் வளையத்தில் அதற்கு முந்தைய சர்வருக்கும் இடைப்பட்ட துண்டு மட்டும் கை மாறும், மற்றவை அசையாது.

ஆனால் சர்வருக்கு ஒரே புள்ளி என்றால் இதுவும் போதாது. நாலும் சமமாக, ஆளுக்கு 25 சதவீதம் சுமந்தாலும், ஒன்று படுத்தால் அதன் பங்கு முழுக்க அடுத்த சர்வருக்கே போகும். அது 50 சுமக்க, மற்ற இரண்டும் 25-லேயே இருக்கும். சுமை தாங்காமல் அதுவும் படுத்தால் அடுத்ததுக்கு 75.

அதனால் சர்வருக்கு நூற்றுக்கு மேல் புள்ளிகள் வைக்க வேண்டும். இவற்றை விர்ச்சுவல் நோடு என்பார்கள். மெம்கேஷ்ட் என்ற கேஷ் மென்பொருளுக்கான கெட்டாமா நூலகம் 160 வைக்கிறது. அப்புறம் ஒன்று விழுந்தால் மிச்சம் மூன்றும் ஏறக்குறைய 33 சதவீதம் வீதம் பகிர்ந்துகொள்ளும். ஐந்தாவது வந்தால் எல்லோரிடமும் கொஞ்சம் வாங்கி 20 சுமக்கும். கேஷுக்கு என் தேர்வு இதுதான். ஒவ்வொரு துண்டுக்கும் பல சர்வர்களில் நகல் வைக்கும் டேட்டாபேஸுக்கு அளவு வேறு: புள்ளிகள் கூடினால், எந்த இரண்டு சர்வர் சேர்ந்து விழுந்தாலும் ஏதோ ஒரு துண்டின் நகல்கள் இரண்டு ஒன்றாகப் போகும் வாய்ப்பு கூடும். கசாண்ட்ரா டேட்டாபேஸின் 4.0 பதிப்பில் சர்வருக்கான இயல்பு எண்ணிக்கையை 256-லிருந்து 16 ஆகக் குறைத்ததில் இதற்கும் பங்குண்டு.

ஒரே பண்டலை எல்லோரும் கேட்டால் எந்த வளையமும் உதவாது. அந்த எண்ணின் விவரம் ஒரு சர்வரில்தான் இருக்கும்.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். நெட்வொர்க் அறுந்து பத்து நிமிடம் விலகிய சர்வர் திரும்பியபோது, செக்கிங் முடிந்த பண்டல் தையலில் இருப்பதாகக் காட்டியது. இடையில் வந்த மாற்றம் அண்டை சர்வரில் பதிவாகியிருந்தது. திரும்பியதிடம் பழைய விவரம். இப்போது வளையத்தில் மறுபடி சேர்க்கும் முன் அந்த சர்வரில் உள்ள பழையதை எல்லாம் செல்லாததாக்கும் `flush_all` கட்டளையைக் கொடுத்துவிடுகிறோம்.