பேக்கிங் ஸ்லிப் மட்டும் போதுமா, எடுப்புப் பட்டியலும் வேண்டுமா?

கொளத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து நான் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகியவற்றை இணையவழியில் விற்று வருகிறேன். நாளொன்றுக்கு வழக்கமாக எட்டு முதல் இருபத்தைந்து ஆர்டர்கள் வரை வரும். மாலை நான்கு மணிக்கு கூரியர் ஆள் வந்து பார்சல்களை எடுத்துச் செல்வார். பொருள் மாறிப் போவதைத் தடுக்க மூன்று முறைகளை ஒன்றன்பின் ஒன்றாக நாங்கள் கையாண்டிருக்கிறோம். முதலாவது, கைப்பேசித் திரையில் ஆர்டரைப் பார்த்துக்கொண்டே பேக் செய்வது. இரண்டாவது, ஒவ்வோர் ஆர்டருக்கும் அதிலுள்ள பொருள்களை வரிவரியாகக் காட்டும் ஒரு பேக்கிங் ஸ்லிப் அச்சிட்டு, அந்தச் சீட்டோடு அலமாரிக்குச் சென்று பொருளை எடுத்துவந்து பேக் செய்வது. மூன்றாவது, அன்றைய ஆர்டர்கள் அனைத்துக்குமான மொத்த எண்ணிக்கையை எடுப்புப் பட்டியலாக, அதாவது பிக்கிங் லிஸ்ட்டாக அச்சிட்டு, பொருள்கள் முழுவதையும் ஒரே தடவையில் மேசைக்குக் கொண்டுவந்து, பிறகு ஸ்லிப்பைப் பார்த்துப் பிரித்துப் பேக் செய்வது. இப்போது மூன்றாவது முறையில்தான் நிற்கிறோம்.

கைப்பேசித் திரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரையில் குறியிட இடமில்லை. நடுவில் ஓர் அழைப்பு வந்துவிட்டால் எந்த ஆர்டர் வரை முடித்தோம் என்பதற்குத் தடயமும் இல்லை. நாளைக்கு இரண்டு ஆர்டர் வரும் காலத்தில் அது போதுமானதாக இருந்தது.

உண்மையான போட்டி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான். இரண்டாவது முறையிலேயே நாங்கள் நெடுநாள் இருந்தோம். அது எளிது, ஒரே ஒரு தாள்தான். புரட்டாசி மாதத்தில் வந்த ஓர் ஆர்டர்தான் எங்களை மாற்றியது. மாதம் முழுவதும் பூண்டு சேர்க்காத ஒரு குடும்பம் பூண்டில்லாத இட்லிப் பொடி கேட்டிருந்தது. நாங்கள் அனுப்பியதோ பூண்டுப் பொடி, அதாவது பூண்டு சேர்த்த இட்லிப் பொடி. இரண்டும் ஒரே அளவு பாட்டில், ஒரே நிற மூடி, ஏறத்தாழ ஒரே நிறப் பொடி. அவர்கள் பிரித்துச் சாப்பிட்ட பின்புதான் தெரிந்துகொண்டார்கள். வேறு பாட்டிலை எங்கள் செலவில் அனுப்பினோம். அது பணத்தோடு முடிந்தது. ஆனால் விரதம் கெட்டதற்கு ஈடு செய்ய எங்களால் இயலவில்லை. அந்தச் சீட்டில், என்னோடு சேர்ந்து பேக் செய்யும் அத்தை ஒவ்வொரு வரிக்கும் குறியிட்டிருந்தார் என்பதுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

பிழை எங்கே நடந்தது என்பதைவிட, நடந்த பிழை ஏன் எங்களுக்குத் தெரியவில்லை என்பதே முக்கியமான கேள்வி. அலமாரியில் எப்போதும் நாற்பது ஐம்பது பாட்டில்கள் இருக்கும். சீட்டோடு சென்று தவறான பாட்டிலை எடுத்தாலும் அலமாரி குறைந்ததாகத் தோன்றாது. அடுத்த ஆர்டருக்கும் பாட்டில் இருக்கும். மாதக் கடைசியில் இருப்பை எண்ணும்போதுதான் ஒன்று கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் நிற்கும். அதற்குள் பார்சல் போய்ச் சேர்ந்து பல நாள்கள் ஆகியிருக்கும். எடுப்புப் பட்டியலோ அன்றைய தேவைக்குரிய பாட்டில்களை மட்டும் மேசைக்குக் கொண்டுவருகிறது. மேசையில் மிச்சம் என்று ஒன்று இருக்கக் கூடாது. ஒன்று மாறினால் மற்றோர் இடத்தில் கட்டாயம் இடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மூன்றாவது முறையை ஆதரிக்கிறேன். நேரத்தைப் பொறுத்தவரை பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை: அலமாரிக்கு நடப்பது குறைகிறது, பிரிக்கும் வேலை கூடுகிறது.

எட்டு ஆர்டர்கள் வந்த ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். முதல் ஆர்டருக்குப் பூண்டில்லாத இட்லிப் பொடி இரண்டு. இரண்டாவதற்குப் பூண்டுப் பொடி ஒன்று, பருப்புப் பொடி ஒன்று. மூன்றாவதற்குப் பூண்டுப் பொடி இரண்டு. நான்காவதற்குப் பூண்டில்லாதது ஒன்று, கறிவேப்பிலைப் பொடி ஒன்று. ஐந்தாவதற்குப் பருப்புப் பொடி இரண்டு. ஆறாவது காம்போ: பூண்டு, பருப்பு, கறிவேப்பிலை ஒவ்வொன்று. ஏழாவதற்குப் பூண்டில்லாதது ஒன்று, பருப்புப் பொடி ஒன்று. எட்டாவதற்குப் பூண்டுப் பொடி ஒன்று. இவற்றைக் கூட்டினால் எடுப்புப் பட்டியலில் நான்கே வரிகள்: பூண்டில்லாதது 4, பூண்டு 5, பருப்பு 5, கறிவேப்பிலை 2; மொத்தம் 16 பாட்டில்.

இந்த 16 பாட்டில்களையும் வகைவாரியாக மேசையில் நிறுத்தி, ஒவ்வொரு வகையையும் எண்ணிப் பட்டியலில் குறியிட்ட பிறகே பேக்கிங் தொடங்க வேண்டும். மொத்தம் 16 என்று மட்டும் பார்ப்பது போதாது. பூண்டில்லாதது மூன்றும் பூண்டு ஆறும் எடுத்துவந்தாலும் மொத்தம் 16தான் வரும். இனி, நான்காவது ஆர்டரில் பூண்டில்லாததற்குப் பதிலாகப் பூண்டுப் பொடியை வைத்துவிட்டோம் என்று கொள்ளுங்கள். ஐந்து, ஆறு, ஏழு வரை எதுவும் தெரியாது. எட்டாவது ஆர்டருக்கு வரும்போது பூண்டுப் பொடி தீர்ந்திருக்கும். மேசையில் பூண்டில்லாத பாட்டில் ஒன்று தனியாக நிற்கும். பூண்டில்லாதது கேட்ட ஏதோ ஒரு பெட்டிக்குள் பூண்டுப் பொடி போயிருக்கிறது என்பதை அந்த ஒற்றைப் பாட்டிலே சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டவை 1, 4, 7 ஆகிய மூன்று ஆர்டர்கள் மட்டுமே. ஆகவே எட்டுப் பெட்டியையும் கிளற வேண்டியதில்லை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கடைசி ஆர்டர் முடிந்து மேசை காலியாகும் வரை எந்தப் பெட்டிக்கும் டேப் ஒட்டக் கூடாது. மேல் மடிப்பைத் திறந்தபடியே, ஸ்லிப்பை மேலே வைத்து வரிசையாக அடுக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் பேக்கிங் ஸ்லிப் தேவையில்லை என்று பொருளல்ல. எடுப்புப் பட்டியலுக்குப் பிடிபடாத ஒரு பிழை இருக்கிறது. நான்காவது ஆர்டருக்குப் பூண்டுப் பொடியும், மூன்றாவதற்கு ஒரு பூண்டில்லாததும் போய்விட்டால் இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மேசை சுத்தமாகக் காலியாகும், இரண்டு வாடிக்கையாளருக்கும் தவறான பொருள் போகும். இதைப் பிடிப்பது ஸ்லிப்பின் வேலை. ஆனால் அத்தை முன்பு குறியிட்ட முறையில் அது பிடிபடாது. சீட்டில் “இட்லிப் பொடி” என்று படித்துவிட்டுப் பாட்டிலைப் பார்க்கும்போது, கண் எதிர்பார்ப்பதையே காண்கிறது. இப்போது முறையை மாற்றியிருக்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் பாட்டிலை வெளியே எடுத்து, அதன் லேபிளில் இருப்பதை நான் வாய்விட்டுப் படிப்பேன். சீட்டை வைத்திருக்கும் அத்தை அந்த வரியைத் தேடிக் குறியிடுவார். வரி கிடைக்கவில்லை என்றால் பாட்டில் தவறு. பாட்டில்கள் தீர்ந்த பின் வரி மிஞ்சினால் பொருள் குறைவு. தனியாகப் பேக் செய்பவர் பாட்டிலைப் படித்துச் சீட்டுக்குச் செல்லும் அதே திசையைப் பின்பற்றினால் போதும்.

சீட்டை எழுதும் விதமும் மாறியது. “இட்லிப் பொடி 250 கிராம், பூண்டு இல்லாதது” என்று இருந்ததை “பூண்டு இல்லாதது: இட்லிப் பொடி 250 கிராம்” என்று மாற்றினோம். இரண்டு பொருள்களைப் பிரித்துக்காட்டும் சொல் வரியின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியில் இருந்தால் அதற்கு முன்பே கை பாட்டிலை எடுத்துவிடுகிறது. பாட்டில் லேபிளிலும் அதே சொற்கள் அதே வரிசையில் உள்ளன. எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருந்தால் பேனாவால் வட்டமிடுகிறோம்.

எடுப்புப் பட்டியலுக்குத் தனிச் செயலி எதையும் நாங்கள் வாங்கவில்லை. கூகுள் ஷீட்டில் A நிரலில் ஆர்டர் எண், B-யில் பெயர், C-யில் பொருளின் குறியீடு, D-யில் எண்ணிக்கை. அதே ஷீட்டில், இந்த நான்கு நிரல்களுக்கு வலப்புறம் இந்த ஒரு வரி:

```
=QUERY(A2:D, "select C, sum(D) where C is not null group by C label sum(D) ''", 0)
```

இதில் இரண்டு இடங்களில் நாங்கள் தடுக்கி விழுந்தோம். காம்போவை ஒரே வரியாக உள்ளிட்டால் பட்டியலில் “காம்போ 1” என்றுதான் வரும். அதற்குள் இருக்கும் பருப்புப் பொடி பருப்பின் கூட்டலில் சேராது. ஆகவே காம்போவை உள்ளிடும்போதே மூன்று வரிகளாகப் பிரித்துவிட வேண்டும். அடுத்தது குறியீடு. முதலில் 11, 12 என்று வெறும் எண்களாக வைத்திருந்து, பிறகு ஒரு பொருளுக்கு மட்டும் எழுத்து கலந்த குறியீடு கொடுத்தோம். எண்கள் மிகுந்திருக்கும் நிரலில் எழுத்து கலந்ததை இந்தக் கட்டளை வெற்றிடமாகக் கருதும். அந்தப் பொருள் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துபோகும். எல்லாக் குறியீடுகளையும் எழுத்தில் தொடங்குமாறு வைத்தால் இந்தச் சிக்கல் வராது. பட்டியலின் கூட்டுத்தொகையும் `=SUM(D2:D)` தரும் தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அச்சிடுவதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது முறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டியல் அச்சான பிறகு ஆர்டர் மாறக் கூடாது. “பூண்டில்லாததாக மாற்றி அனுப்புங்கள்” என்று பகல் ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், சீட்டில் பேனாவால் திருத்துவது ஆபத்து. மேசைக் கணக்கு உடைந்துவிடும். நாங்கள் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை மூடுகிறோம். பிறகு மாற்றம் வந்தால் அந்த ஆர்டரின் சீட்டையும் பாட்டில்களையும் மேசையிலிருந்து முழுவதுமாக விலக்கிவிட்டு மறுநாள் பட்டியலில் சேர்க்கிறோம். அவசரமாக வேண்டுபவருக்கு இது வருத்தத்தைத் தரும் என்பது உண்மை.

முகவரி மாறிப் போவதை இரண்டு தாளுமே தானாகத் தடுப்பதில்லை. சரியான பொருள்கள் உள்ள பெட்டிகளில் கூரியர் லேபிள்கள் இடம் மாறிவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பிழை. மேசை காலியான பின், ஒரு பெட்டியின் ஸ்லிப்பில் உள்ள ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை லேபிளோடு ஒப்பிட்டு, ஸ்லிப் தெரியும்படி திறந்த பெட்டியை ஒரு படம் எடுத்து, மூடி, லேபிளை ஒட்டிய பிறகே அடுத்த பெட்டியைத் தொடுகிறோம். எல்லா லேபிளையும் மொத்தமாக உரித்து வைத்துக்கொள்வது கூடவே கூடாது.

நாளைக்கு நான்கைந்து ஆர்டருக்குள் இருப்பவருக்கும், பொருள்கள் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபட்டிருப்பவருக்கும் பேக்கிங் ஸ்லிப் மட்டுமே போதும் என்று நினைக்கிறேன். இரண்டாவது தாளுக்கான உழைப்பு அங்கே வீண். இருபத்தைந்துக்கு மேல் போனால் ஒரே மேசையில் எல்லாவற்றையும் பரப்புவது கடினம் என்பதால், கார்த்திகையை ஒட்டிய நாள்களில் பத்துப் பத்து ஆர்டர்களாகப் பிரித்துத் தனித்தனிப் பட்டியல் அச்சிட்டோம். ஒரு கட்டின் மேசை காலியாகாமல் அடுத்த கட்டின் பாட்டில்கள் உள்ளே வரவில்லை. நாளைக்கு நூறு ஆர்டர் அனுப்புபவருக்கு இது எவ்வளவு தாங்கும் என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல இயலாது. அந்த அளவில் பார்கோடு ஸ்கேனரைப் பயன்படுத்தியவரின் சொல்லுக்கே எடை அதிகம்.