டி.எம்.சி.யா, டிஎம்சியா, நூறு கோடி கன அடியா: ஒரு மனுவை வெச்சு ஒரு அலசல்

டெல்டா பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்துக்கு கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்க மனு ஒண்ணு திருத்திக் கொடுத்தேன். முதல் வரைவு சங்கச் செயலாளர் கையால எழுதினது, நல்ல தமிழ்தான், ஆனா நடுவுல இப்படி ஒரு பத்தி:

"மேட்டூரில் 60 டி.எம்.சி. இருப்பு உள்ளது. 12,000 கன அடி திறந்தால் போதுமானது. ஆனால் சென்னைக்கு செம்பரம்பாக்கத்தில் மட்டும் 3,645 மில்லியன் கன அடி தேக்குகிறார்கள். இது குறித்து சி.டபிள்யூ.எம்.ஏ.வும் சி.டபிள்யூ.ஆர்.சி.யும் கவனிக்க வேண்டும்."

சுருக்கெழுத்து, எண், அலகு மூணுலயும் வர்ற சிக்கல் இந்த நாலு வரியிலயே இருக்கு, அதனால இதையே வெச்சுப் பாப்போம்.

முதல்ல புள்ளி. டி.எம்.சி.ன்னு எழுதுறவங்களும் இருக்காங்க, டிஎம்சின்னு சேத்து எழுதுறவங்களும் இருக்காங்க. புள்ளி வெச்சா இது சுருக்கம்னு கண்ணு உடனே பிடிச்சுக்குது, அது அதோட பலம். ஆனா தமிழ்ல வேற்றுமை உருபு ஒட்டுமே, அங்கதான் தகராறு. டி.எம்.சி.யை, டி.எம்.சி.யில், டி.எம்.சி.க்கு, சிலர் நடுவுல கோடும் போட்டு டி.எம்.சி.-யில். வாக்கியம் சுருக்கத்துலயே முடிஞ்சா அந்தக் கடைசிப் புள்ளி முற்றுப்புள்ளியா சுருக்கப் புள்ளியான்னு வேற தெரியாது. டிஎம்சியை, டிஎம்சியில்னு எழுதினா இந்தத் தொல்லை எதுவும் இல்ல. அதனால ஆங்கில எழுத்து ஒலிச் சுருக்கத்துக்கு என் ஓட்டு புள்ளி இல்லாததுக்கே. அளவுச் சுருக்கம் மட்டும் வேற கதை, கி.மீ., மி.மீ. எல்லாம் புள்ளியோடவே பழகிப்போச்சு, அதை அப்படியே விட்டுடலாம். ஒரே மனுவுல ஒரு பக்கம் கி.மீ., அடுத்த பக்கம் கிமீன்னு மட்டும் இருக்கக்கூடாது.

அடுத்து முதல் தடவை விரிச்சு எழுதுறது. டிஎம்சியை விரிச்சா "ஆயிரம் மில்லியன் கன அடி". இது நேர் மொழிபெயர்ப்பு, சரிதான், ஆனா படிக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது, ஏன்னா நம்ம ஊர்ல ஆயிரம் மில்லியன்னு யாரும் எண்ணுறதில்ல. இதுக்குப் போட்டி "நூறு கோடி கன அடி". ரெண்டும் ஒரே அளவு, மில்லியன்னா பத்து லட்சம், அது ஆயிரம் தடவைன்னா நூறு கோடி. பில்லியன்னு எழுதுறது மூணாவது வழி, பழைய பிரிட்டிஷ் வழக்குல பில்லியன்னாலே லட்சம் கோடி, அதனால அது வேணவே வேணாம். நான் எழுதினது: "60 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி)". பழக்கமான சுருக்கத்தை முன்னாடி வெச்சு விளக்கத்தை அடைப்புக்குள்ள தள்ளினேன். வழக்கமா முழுப்பெயர் முன்னாடி, சுருக்கம் அடைப்புக்குள்ளன்னுதான் சொல்லுவாங்க, ஆனா டிஎம்சி மாதிரி சுருக்கமே பெயரா ஆயிட்ட இடத்துல தலைகீழா வெக்கிறதுதான் ஓடும். (இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவங்களுக்கு இன்னொரு கூத்து, அதே மூணு எழுத்து அங்க தமிழ் மாநில காங்கிரசும் ஆகும், திரிணாமுல் காங்கிரசும் ஆகும். தமிழ்ல த.மா.கா. தனியா நிக்கிறதால தப்பிச்சோம்.)

இப்போ அந்த சி.டபிள்யூ.எம்.ஏ. சத்தியமா வாய்ல நுழையல. 2018ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் வந்த ரெண்டு அமைப்பு, காவிரி நீர் மேலாண்மை ஆணையம், காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு. ஆங்கில எழுத்துச் சுருக்கத்துல ரெண்டும் காதுக்கு ஒரே மாதிரி கேக்குது, நடுவுல ஒரு எழுத்து, கடைசில ஒரு எழுத்துதான் வித்தியாசம். தமிழ் முதலெழுத்து எடுத்து கா.நீ.மே.ஆ.ன்னு போடலாம், ஆனா யாருக்கும் தெரியாத சுருக்கத்தை நாமளே உண்டாக்கினா படிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் மேல போய்ப் பாத்துட்டு வரணும். மூணாவது வழி, முதல் தடவை முழுப்பெயரை எழுதி "(இனி, ஆணையம்)", "(இனி, குழு)"ன்னு போட்டுட்டு அப்புறம் வெறுமனே ஆணையம், குழுன்னு எழுதுறது. பத்திரம், ஒப்பந்தம் எழுதுறவங்க காலங்காலமா செய்யுற வேலை இது. தமிழ்ல இதை ஜெயிக்க எதுவும் இல்லன்னு நெனைக்கிறேன். ஒரே நிபந்தனை, அதே மனுவுல வேற ஒரு ஆணையம் வரக்கூடாது, வந்தா இது குழப்பிடும்.

எண்ணுக்கு வருவோம். "12,000 கன அடி திறந்தால் போதுமானது"ன்னு எழுதியிருந்தாரே, விநாடிக்குங்கிற வார்த்தை எங்க? பேச்சுல எல்லாரும் விட்டுடுறோம், எழுத்துல விட்டா அர்த்தமே மாறுது. வெறும் 12,000 கன அடின்னா சுமார் 3.4 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரில 28 லாரி தண்ணி, அவ்வளவுதான். விநாடிக்கு 12,000 கன அடின்னா ஒரு நாளைக்கு 86,400 விநாடி, பெருக்கிப் பாத்தா 103 கோடியே 68 லட்சம் கன அடி, அதாவது ஒரு டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல. இதுக்கு கியூசெக்னும் எழுதலாம், சுருக்கமா இருக்கும், ஆனா பக்கத்துல டிஎம்சியும் இருந்தா எது இருப்பு எது வேகம்னு புதுசா படிக்கிறவருக்குப் பிரிக்க வராது. "விநாடிக்கு 12,000 கன அடி வீதம்"ங்கிறது ரெண்டு வார்த்தை நீளம், பரவாயில்ல, தானே விளங்குது.

கடைசியா செம்பரம்பாக்கம், இதுதான் பெரிய விஷயம். செயலாளர் அண்ணன் நெசமாவே கோவத்துல இருந்தார், "இங்க 60க்கு அல்லாடுறோம், அங்க ஒரே ஏரில 3,645 தேக்குறானுவ தம்பி". அவர் மேல தப்பில்ல, பேப்பர்ல மேட்டூருக்கு டிஎம்சி, சென்னை ஏரிகளுக்கு மில்லியன் கன அடின்னு ஒரே பக்கத்துல ரெண்டு அலகுல போடுறாங்க. ஏரிக்கு டிஎம்சில போட்டா 3.645ன்னு புள்ளியும் தசமமுமா வரும், தினசரி ஏற்ற இறக்கம் தெரியாது, அதனால தனியா ஏரி பத்தி எழுதுறப்ப மில்லியன் கன அடிதான் வசதி. ஆனா ரெண்டையும் ஒப்பிடுறப்ப ஒரே அலகுக்குக் கொண்டு வந்தே ஆகணும். ஆயிரத்தால வகுத்தா செம்பரம்பாக்கம் முழுக் கொள்ளளவே 3.645 டிஎம்சி, மேட்டூர் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. கிட்டத்தட்ட 25 செம்பரம்பாக்கம் மேட்டூருக்குள்ள அடங்கும். பேப்பர்ல எழுதி அவர்கிட்ட காட்டினேன், ரெண்டு தடவை பாத்தார்.

சுருக்கம் போடுறதுலயும் ஒரு பொறி இருக்கு, மில்லியனை மி.ன்னு சுருக்கி மி.க.அடின்னு எழுதுறாங்க. மில்லிமீட்டர்லயும் அதே மி.தான், ஒண்ணு பத்து லட்சம் மடங்கு, இன்னொண்ணு ஆயிரத்துல ஒரு பங்கு. மழை மி.மீ.லயும் இருப்பு மி.க.அடிலயும் ஒரே பட்டியல்ல வந்தா கஷ்டம், மில்லியனை முழுசா எழுதிடுங்க.

பரப்புலயும் இதே தான், அவர் ஒரு இடத்துல ஏக்கர், ஒரு இடத்துல மான்னு எழுதியிருந்தார், மூணு மா ஒரு ஏக்கர்னு அவங்களுக்குத் தெரியும், கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற வெளியூர்க்காரருக்குத் தெரியணும்னு இல்ல. எல்லாத்தையும் ஏக்கராக்கிட்டேன்.

கடைசியா மனுவுல போன பத்தி இப்படி: "மேட்டூர் அணையில் 60 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) இருப்பு உள்ளது. விநாடிக்கு 12,000 கன அடி வீதம் திறந்தால், நீர்வரத்தே இல்லாவிட்டாலும் கணக்குப்படி சுமார் 58 நாள்களுக்கு வரும். காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் (இனி, ஆணையம்) காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவும் (இனி, குழு) இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்."

அணையோட அடில இருக்கிற தண்ணி முழுசும் திறக்க முடியாது, ஆவியாறதும் உண்டு, அதுக்குத்தான் "கணக்குப்படி". செம்பரம்பாக்கம் வரியை நான் அடிக்கல. அண்ணனே பேனாவை வாங்கி அடிச்சிட்டு, "அத வுடு தம்பி, 58 நாளத் தடிமனா போடு"ன்னார்.