தஞ்சாவூரில் ஒரு பூஜ்யத்துக்காக அரை மணி நேரம்

சிங்கப்பூரில் பதினாறு வருஷம் இருந்துவிட்டதில் எனக்கு ஏரியா கோடு என்ற ஒன்றே மறந்துபோயிருந்தது. அங்கே வீட்டு போனோ மொபைலோ, எட்டு எண்ணை அழுத்தினால் மணி அடிக்கும். முன்னால் பூஜ்யமும் கிடையாது, ஊர் கோடும் கிடையாது.

போன மாதம் தஞ்சாவூரில் அத்தை வீட்டில் இருந்தபோது அவருக்குக் கண் பரிசோதனைக்கு நேரம் வாங்க வேண்டியிருந்தது. மருத்துவமனைச் சீட்டில் மொபைல் எண் இல்லை. 2-இல் தொடங்கும் ஆறு இலக்க எண் ஒன்றுதான் இருந்தது. ஊருக்குள் லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்கு அந்த ஆறு இலக்கமே போதும் என்பதால் கோடு அச்சடிக்கவில்லை போலிருக்கிறது.

அங்கேயே வாங்கிய சிம்மிலிருந்து அந்த ஆறையும் அழுத்தினேன். "எண்ணைச் சரிபார்க்கவும்" என்று குரல் வந்தது. பத்தடி தூரத்தில் இருக்கும் அத்தையின் லேண்ட்லைனுக்குப் புரிகிற எண் என் மொபைலுக்குப் புரியவில்லை. காரணம் எளிது: மொபைலுக்குச் சொந்த ஊர் என்று எதுவும் இல்லை. நான் தஞ்சாவூரில் நிற்கிறேன் என்பதை வைத்து அது எந்தக் கோடையும் தானாகச் சேர்த்துக்கொள்ளாது.

சரி, கோடைச் சேர்ப்போம் என்று 4362 போட்டு ஆறு இலக்கத்தையும் அழுத்தினேன். மறுபடியும் அதே குரல். இப்போது மொத்தம் பத்து இலக்கம் இருந்ததுதான் சிக்கல். முன்னால் பூஜ்யம் இல்லாத பத்து இலக்கத்தை மொபைல் எண்ணாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். 4-இல் தொடங்கும் மொபைல் இல்லாததால் அழைப்பு அங்கேயே செத்துவிட்டது.

    

மூன்றாவது முயற்சியில் வெளிநாட்டுப் புத்தி வந்தது: +91 போட்டு, அதன் பின்னால் 04362 போட்டேன். அதுவும் போகவில்லை. பூஜ்யம் நாட்டுக்குள்ளிருந்து வேறு ஊருக்குப் போவதற்கு. +91 போட்டுவிட்டால் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். இரண்டில் ஒன்றுதான்:

```
04362 2*****
+91 4362 2*****
```

முதல் வரியை அழுத்தியதும் மணி அடித்தது. எடுத்த பெண் "காலையில இருந்து ட்ரை பண்றீங்களா சார்?" என்று சிரித்தார். முதல் முறையிலேயே சரியாக அழுத்தி வருகிறவர்கள் குறைவு போலும்.

அதன் பிறகு இரண்டாவது வடிவத்தில்தான் பதிந்துகொண்டேன். சிங்கப்பூர் போனாலும் அதே பதிவு வேலை செய்யும். சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு: பூஜ்யத்தை விட்டு, கோடும் எண்ணும் சேர்த்தால் பத்து வர வேண்டும். தஞ்சாவூருக்கு 4362-உம் ஆறும், கும்பகோணத்துக்கு 435-உம் ஏழும், சென்னைக்கு 44-உம் எட்டும். கோடு குட்டையானால் எண் நீளும்.

பத்து வரவில்லையா, எண் பழையதாக இருக்கலாம். தெருமுனையில் ஒரு பாத்திரக்கடை போர்டில் இன்னும் ஐந்து இலக்கமே இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் ஊர் ஊராக எண்களுக்கு முன்னால் 2 சேர்த்தார்கள். போர்டை மாற்றாதவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் 2 சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் லைனே துண்டித்திருந்தால் எதைச் சேர்த்தும் பயனில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பூஜ்யம் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து நான் பெரிய கோயிலில் இருந்தபோது அத்தை வீட்டு போனிலிருந்து என்னை அழைக்க முயன்றிருக்கிறார், கிடைக்கவில்லை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலை அழைத்தாலும் முன்னால் 0 போட வேண்டும், உள்ளூர் மொபைலாக இருந்தாலும். மொபைலிலிருந்து மொபைலுக்கு வேண்டாம். அத்தையின் டைரியில் என் எண் அந்தப் பூஜ்யம் இல்லாமல்தான் இருந்தது.

"அப்போ இத்தனை நாளா யாருக்குமே போன் போகலையா?" என்றார். அவர் மொபைலில் பேசுவதால் தெரியவில்லை. டைரியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மொபைல் எண்ணுக்கும் முன்னால் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். இறந்துபோன மாமாவின் எண்ணுக்கும் போட்டார்.