உர மூட்டையைப் படம் பிடித்து விலை ஒப்பிடும் முறை: பல பருவங்கள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

கடையில் நிற்கும் மூட்டையைப் போனில் படம் எடுத்து, அதில் உள்ள சத்து அளவைப் படித்து, அதே சத்து வேறு எந்த மூட்டையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடுவதுதான் இந்த முறை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் நெல் போடுபவருக்கு இது நல்ல பலன் தருகிறது. ஆனால் படத்தை எங்கே எடுக்கிறோம் என்பதிலும், எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் தவறினால், மலிவானது என்று நினைத்து விலை கூடியதையே வாங்கி வந்துவிடுவோம்.

முதல் சிக்கல் மூட்டையின் முகப்பு. 2022 அக்டோபரிலிருந்து மானிய உரம் எல்லாம் 'பாரத்' என்ற ஒரே பெயரில் வருகிறது. பாரத் யூரியா, பாரத் டி.ஏ.பி., பாரத் பொட்டாஷ், பாரத் என்.பி.கே. என்று முகப்பில் பெரும்பகுதியை அந்தப் பெயரும் சின்னமுமே பிடித்துக்கொள்கின்றன. கம்பெனி பெயர் சிறிய இடத்தில் இருக்கும். முன்பெல்லாம் நிறத்தையும் படத்தையும் பார்த்தே மூட்டையைச் சொல்லிவிடுவார்கள். இப்போது அந்தப் பழக்கம் உதவாது. குறிப்பாக பாரத் என்.பி.கே. என்ற ஒரே பெயரின் கீழ் 10:26:26, 12:32:16, 20:20:0:13 என்று பல காம்ப்ளக்ஸ்கள் இருக்கின்றன. முகப்பை மட்டும் படம் எடுத்தால் எந்தக் காம்ப்ளக்ஸ் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குறுணையின் நிறமும் அடையாளம் ஆகாது. டி.ஏ.பி.யே பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று பல நிறங்களில் வருகிறது.

ஆகவே மூன்று படங்கள் வேண்டும். ஒன்று, சத்து விவரம் அச்சிட்ட பகுதி. 'மொத்த நைட்ரஜன், எடையில் இத்தனை சதவீதம், குறைந்தபட்சம்' என்ற வகையில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டு, நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், தொகுதி எண் உள்ள இடம். மூன்று, மூட்டை வாயின் தையல். தையல் இயந்திரத்தில் போட்டதாக, ஒரே சீராக இருக்க வேண்டும். கையால் தைத்ததாகவோ, பழைய ஊசித் துளைகள் பக்கத்தில் தெரிவதாகவோ இருந்தால் அந்த மூட்டையை விட்டுவிடலாம்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடாதீர்கள். சாக்கு பளபளப்பாக இருப்பதால் எழுத்தின் மேல் வெள்ளைத் திட்டு விழும். மூட்டையை வெளிச்சத்துக்கு நகர்த்தி, சுருக்கத்தைக் கையால் இழுத்துப் பிடித்து எடுங்கள். அடுக்கி வைத்த மூட்டையில் மடிப்புக்குள் கடைசி எண் மறைவது அடிக்கடி நடக்கிறது. 20:20:0:13 என்பதில் கடைசி 13 மறைந்தால், அதில் கந்தகம் இருப்பதே தெரியாமல் போகும். வாட்ஸ்அப்பில் வேறொருவருக்கு அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பும்போது அது சுருங்கி, சின்ன எழுத்தில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது.

இனி எண்கள். 18:46:0 என்றால் நூறு கிலோவில் தழைச்சத்து 18 கிலோ, மணிச்சத்து 46 கிலோ, சாம்பல்சத்து இல்லை. நான்காவது எண் இருந்தால் அது பெரும்பாலும் கந்தகம். மணிச்சத்தை P2O5 என்ற கணக்கில்தான் எல்லா மூட்டையிலும் போடுகிறார்கள், அதனால் ஒன்றோடொன்று ஒப்பிடத் தடை இல்லை. இதைப் படிக்கும்போதே எடையையும் படித்துவிட வேண்டும். யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ. மூட்டைக்கு மூட்டை ஒப்பிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு கிலோ சத்து என்ன விலைக்கு வருகிறது என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு.

டி.ஏ.பி.யை எடுத்துக்கொள்வோம். மூட்டையில் 1,350 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் உள்ளன. தழைச்சத்தின் விலையை யூரியாவிலிருந்து எடுக்கலாம். 266.50 ரூபாய் மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது, ஆக கிலோ சுமார் 12.90 ரூபாய். அந்தக் கணக்கில் டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்து 116 ரூபாய் பெறும். மீதி 1,234 ரூபாயை 23-ஆல் வகுத்தால், மணிச்சத்து கிலோ சுமார் 53.65 ரூபாய். இந்த இரண்டு விலைகளையும் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால், கடையில் எந்த மூட்டையைக் காட்டினாலும் அதில் உள்ள தழைச்சத்து, மணிச்சத்தின் உண்மையான மதிப்பை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

20:20:0:13 மூட்டையை இதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். கடையில் டி.ஏ.பி. தீர்ந்துபோனால் 'அதே மாதிரிதான்' என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். விலை 1,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஐம்பது ரூபாய் குறைவு. ஆனால் உள்ளே இருப்பது 10 கிலோ தழைச்சத்து, 10 கிலோ மணிச்சத்து, 6.5 கிலோ கந்தகம். முதல் இரண்டின் மதிப்பு சுமார் 665 ரூபாய்தான். மீதி 635 ரூபாயை 6.5 கிலோ கந்தகத்துக்குக் கொடுக்கிறோம், கிலோ கிட்டத்தட்ட 98 ரூபாய். மணிச்சத்து டி.ஏ.பி.யில் இருப்பதில் பாதிகூட இல்லை. உரத்தில் குறை ஒன்றும் இல்லை, நல்ல உரம்தான். டி.ஏ.பி.க்குப் பதிலாக அதே எண்ணிக்கை மூட்டை போட்டால்தான் பயிருக்கு மணிச்சத்து போதாமல் போகும்.

சூப்பர் பாஸ்பேட்டின் கதை வேறு. மூட்டை விலை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோவில் மணிச்சத்து 16 சதவீதம், அதாவது 8 கிலோ, கந்தகம் 11 சதவீதம், 5.5 கிலோ. 8 கிலோ மணிச்சத்தின் மதிப்பு 429 ரூபாய். ஆக மணிச்சத்துக்காக மட்டும் வாங்குபவருக்கு, 429-க்கு மேல் விலை போனால் டி.ஏ.பி.தான் மலிவு. டி.ஏ.பி. விலையில் பாதிகூட இல்லையே என்று பார்த்து வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆனால் கந்தகம் வேண்டிய நிலத்துக்கு, மீதி 71 ரூபாயில் 5.5 கிலோ கந்தகம் வருகிறது, கிலோ 13 ரூபாய். 20:20:0:13-இல் வந்த 98 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவே சுண்ணாம்புச் சத்தும் இருப்பதால் நிலக்கடலைக்கு இது கூடுதல் பலன்.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு மூன்றையும் வைத்துப் பார்ப்போம். காவிரிப் படுகைக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து. ஏக்கருக்கு 60, 20 என்று வரும். பொட்டாஷ் மூன்று வழியிலும் ஒரே அளவு என்பதால் அதைக் கணக்கில் விடுகிறேன்.

டி.ஏ.பி. ஒரு மூட்டை போட்டு, மீதித் தழைச்சத்துக்கு யூரியா சுமார் 111 கிலோ போட்டால் செலவு ஏறத்தாழ 2,007 ரூபாய். மணிச்சத்து 23 கிலோ கிடைக்கிறது. சூப்பர் இரண்டரை மூட்டையும் யூரியா சுமார் 130 கிலோவும் என்றால் ஏறத்தாழ 2,022 ரூபாய், மணிச்சத்து 20 கிலோ, கந்தகம் 13.75 கிலோ. 20:20:0:13 இரண்டு மூட்டையும் யூரியா 87 கிலோவும் என்றால் 3,115 ரூபாய். முதல் இரண்டுக்கும் பதினைந்து ரூபாய்தான் வித்தியாசம், மூன்றாவதுக்கு ஆயிரத்துக்கு மேல். சூப்பரில் 125 கிலோ சுமக்க வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டிக் கூலி, இறைக்கும் ஆள் கூலி கூடும். அதனால் டி.ஏ.பி. கிடைக்கும்போது அதை வாங்குவதும், கிடைக்காதபோது காம்ப்ளக்ஸுக்குப் போகாமல் சூப்பரும் யூரியாவுமாக வாங்குவதும் இந்த விலைகளுக்குச் சரியாக இருக்கிறது. சூப்பர், காம்ப்ளக்ஸ் விலை கம்பெனிக்கு கம்பெனி மாறும். உங்கள் படத்தில் உள்ள விலையைப் போட்டே கணக்கிடுங்கள்.

சூப்பர் வழியைப் பின்பற்றுவோர் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். முதலாவது, யூரியாவையும் சூப்பரையும் முந்தின நாளே கலந்து வைப்பது. சூப்பரில் பிணைந்துள்ள நீரை யூரியா வெளியே தள்ளிவிடும், காலையில் பார்த்தால் சேறுபோல் ஒட்டிக் கிடக்கும், கையால் இறைக்க வராது. தனித்தனியாக இறைப்பதே நல்லது, கலந்தால் உடனே இறைத்துவிட வேண்டும். இரண்டாவது, யூரியா முழுவதையும் அடியுரமாகப் போடுவது. சூப்பர் அடியுரம். யூரியாவில் ஒரு பங்கு அடியில், மீதி தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று பிரித்துப் போட வேண்டும்.

படத்தில் தெரிந்தே ஏமாறும் ஒரு வகையும் இருக்கிறது. டி.ஏ.பி. என்று ஒலிக்கும் பெயரில், கறுப்புக் குறுணையாக, பாதி விலையில் விற்கும் கரிம மணிச்சத்து உரங்கள் உண்டு. சத்து விவரத்தைப் படித்தால் 18-உம் 46-உம் இருக்காது. இந்த வகை உரத்துக்கு அரசு விதி கேட்கும் மணிச்சத்து 10.4 சதவீதம்தான். பாறை மணிச்சத்திலிருந்து செய்வதால் நீரில் எளிதாகக் கரையவும் கரையாது. பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகவே.

மூட்டைக்குள் இருப்பதைப் படம் காட்டாது. வாங்கியபின் ஒரு சிறு சோதனை செய்யலாம். உள்ளங்கையில் பத்துப் பதினைந்து குறுணையை வைத்து, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துப் புகையிலை கசக்குவதுபோல் கசக்கினால், டி.ஏ.பி. என்றால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். சூப்பரில் வராது. ஆனால் 20:20:0:13-இலும் இதே நெடி வரும், ஆகவே அந்த இரண்டையும் இது பிரித்துக் காட்டாது. சூடான தோசைக்கல்லில் போட்டால் டி.ஏ.பி. குறுணை உப்பும், சூப்பர் உப்பாது. கையில் சுண்ணாம்பு வேலை முடிந்ததும் கழுவிவிடுங்கள். சந்தேகம் வந்தால் மூட்டையை மேற்கொண்டு பயன்படுத்தாமல், பில்லோடு வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டி மாதிரி எடுக்கச் சொல்லலாம். கடையில் பி.ஓ.எஸ். இயந்திரத்தில் கைரேகை வைத்தபின் வரும் சீட்டையும் படம் எடுத்து, மூட்டைப் படத்தோடு ஒரே ஆல்பத்தில் வைத்திருங்கள். அடுத்த பருவத்தில் விலை மாறியிருக்கிறதா, அதே கிரேடுதானா என்று பார்க்க அந்த ஒரு ஆல்பம் போதும்.